இரண்டு பங்கு, மூன்று பங்கு: முகாம் மதிய உணவுக்குச் சோறு, சாம்பார், காய் அளவு போடுவது எப்படி?

மாவட்ட அளவிலான தமிழ்மொழி முகாம், விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா எதுவாக இருந்தாலும் மதியம் சோறும் சாம்பாரும் ஒரு பொரியலும் நாம்தான் ஏற்பாடு செய்கிறோம். சமைப்பவர் பெரும்பாலும் சிற்றுண்டிச்சாலை அக்காவோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரோ. அவர்கள் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், மொத்தம் எத்தனை பேர்?" நாமும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது. 360 பேர் என்று மட்டும் சொன்னால் எவ்வளவு சமைப்பது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அந்த 360 பேருக்கு என்ன வயது என்பதும் தெரிய வேண்டும்.

இப்படிப்பட்ட சாப்பாட்டில் சோறு தீர்ந்துபோவது அபூர்வம். குறைவது சாம்பாரும் பொரியலும்தான். சாம்பார் குறைந்தால் சமையல் பக்கம் ஒரு தீர்வு தயாராக இருக்கும்: "பத்தலன்னா கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக்கலாம் டீச்சர்." தண்ணீர் ஊற்றினால் சாம்பார் கூடும், ஆனால் பருப்பு கூடாது. வழக்கமாகச் சின்ன வகுப்புகளை முதலில் உட்கார வைப்போம். ஆகவே அந்தத் தண்ணீர்ச் சாம்பார் கடைசியாக வரும் படிவம் 1, 2 மாணவர்களின் தட்டுக்குத்தான் போகும். அதிகம் சாப்பிட வேண்டிய வயதில் இருப்பவர்களும் அவர்கள்தான். கடைசித் தட்டுக்கும் முதல் தட்டுக்குக் கிடைத்த அதே பருப்பும் காயும் கிடைக்க வேண்டும். அதற்கான கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அடிப்படை அளவு எங்கிருந்து வருகிறது?

சோறு, பருப்பு, காய் ஆகிய மூன்றையும் வைத்து வயதுவாரியாகப் பள்ளி மதிய உணவுக்கு அளவு வகுத்த நல்ல முன்மாதிரி இந்தியாவின் தேசிய மதிய உணவுத் திட்டம். 2021 முதல் அதற்குப் பி.எம். போஷண் என்று பெயர். அந்தத் திட்டத்தில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம், எண்ணெய் 7.5 கிராம். அரிசியும் பருப்பும் சமைப்பதற்கு முன் உள்ள எடை.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 100-க்கு 150, 20-க்கு 30, 50-க்கு 75, 5-க்கு 7.5. எல்லாமே இரண்டுக்கு மூன்று என்ற விகிதம்தான். சின்னவர்களுக்கு இரண்டு பங்கு, பெரியவர்களுக்கு மூன்று பங்கு. இதைப் பிடித்துக்கொண்டால் வாங்குவது, சமைப்பது, பரிமாறுவது மூன்றுக்கும் ஒரே கணக்கு போதும்.

இதை நம் பள்ளிகளுக்குப் பொருத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பிரிப்பதைப் பள்ளியை வைத்துச் செய்யாமல் வயதை வைத்துச் செய்யுங்கள். 'ஆரம்பப்பள்ளிக்கு ஓர் அளவு, இடைநிலைப்பள்ளிக்கு ஓர் அளவு' என்று பிரிப்பது சுலபம்தான். ஆனால் நம் நாட்டில் ஆண்டு 1 ஏழு வயதில் தொடங்குவதால் ஆண்டு 5 பிள்ளைக்கு 11 வயது ஆகிவிடும். இந்தியக் கணக்குப்படி அது 6-ஆம் வகுப்பு வயது. அதனால் ஆண்டு 1 முதல் 4 வரை இரண்டு பங்கு. ஆண்டு 5, 6, படிவம் 1, 2 ஆகியோருக்கு மூன்று பங்கு. ஆசிரியர்களையும் உதவியாளர்களையும் மூன்று பங்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அரிசி. 150 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 400 கிராம் சோறு. காலையில் பசியாறிவிட்டு, பத்து மணிக்கு ரொட்டியோ மீயோ சாப்பிட்ட பிள்ளையால் அவ்வளவையும் முடிக்க முடியாது. அந்தத் திட்டம் மதியச் சோற்றையே அன்றைய முக்கிய உணவாக நம்பி வரும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து வகுத்தது. அதனால் முகாம் சாப்பாட்டுக்கு அரிசியை ஐந்தில் ஒரு பாகம் குறைத்து 80 கிராம், 120 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பருப்பிலும் காயிலும் கை வைக்காதீர்கள். குறைப்பதாக இருந்தால் அரிசியில் மட்டும்தான் குறைக்க வேண்டும். செலவு நெருக்கும்போது வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. அரிசி மலிவு, அதனால் சோற்றைக் குவித்துப் பருப்பையும் காயையும் குறைத்துவிடுவார்கள்.

ஒரு பங்கு என்றால் எவ்வளவு?

ஒரு பங்கில் அடங்குபவை இவை:

- அரிசி 40 கிராம்
- பருப்பு 10 கிராம்
- சாம்பாருக்குக் காய் 10 கிராம்
- பொரியலுக்குக் காய் 15 கிராம்
- எண்ணெய் 2.5 கிராம்

சாம்பாரில் பருப்பின் எடையும் காயின் எடையும் சமமாக இருப்பதைக் கவனியுங்கள். சமையல்காரரிடம் சொல்ல இதைவிட எளிய குறிப்பு கிடையாது: "அஞ்சு கிலோ பருப்பா? அஞ்சு கிலோ காய்." நறுக்கிய பிறகு உள்ள எடையைத்தான் சொல்கிறேன், அதற்குப் பிறகு வருவோம்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஒரு முகாமுக்கு ஆண்டு 1 முதல் 4 வரை 200 பேர், ஆண்டு 5 முதல் படிவம் 2 வரை 160 பேர், ஆசிரியர்களும் உதவியாளர்களும் 24 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சின்னவர்கள்: 200 × 2 = 400 பங்கு.
பெரியவர்கள்: (160 + 24) × 3 = 552 பங்கு.
மொத்தம்: 952 பங்கு.

இனிமேல் தலைகளின் எண்ணிக்கை வேண்டாம், 952 என்ற எண் மட்டும் போதும். அரிசி 952 × 40 கிராம், அதாவது 38 கிலோ. பருப்பு 9.5 கிலோ. சாம்பார்க் காய் 9.5 கிலோ. பொரியல் காய் 14.3 கிலோ. எண்ணெய் 2.4 கிலோ.

வயதைப் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணினால் என்ன வித்தியாசம் வரும்? மாணவர்கள் 360 பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 300 பேர் சின்னவர்களாக இருந்தால் 780 பங்கு, அரிசி 31 கிலோ. அதே 360-இல் 260 பேர் பெரியவர்களாக இருந்தால் 980 பங்கு, அரிசி 39 கிலோ. தலை எண்ணிக்கை ஒன்றுதான், அரிசியில் மட்டும் 8 கிலோ வித்தியாசம். போன வருஷ முகாமின் பட்டியலை அப்படியே இந்த வருஷமும் கொடுத்தால் ஏன் மிச்சமாகிறது, ஏன் பற்றாமல் போகிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

காய்: சந்தை எடை வேறு, தட்டு எடை வேறு

பங்குக் கணக்கில் சொன்ன காய் எடை, தோல் சீவி, காம்பு விதை நீக்கி, நறுக்கிய பிறகு உள்ள எடை. சந்தையில் வாங்கும் எடை அதைவிடக் கூட. பறங்கிக்காயில் தோலும் குடலும் விதையும் போனால் நான்கில் ஒரு பாகம் கழியும். கோஸில் மேல் இலையும் தண்டும் போக ஐந்தில் ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கழியும். கேரட்டில் ஏழில் ஒரு பாகம், கத்தரிக்காயில் பத்தில் ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் எடுத்துக்காட்டில் சாம்பாருக்குப் பறங்கிக்காய் 5.5 கிலோவும் கத்தரிக்காய் 4 கிலோவும், பொரியலுக்குக் கோஸ் 9 கிலோவும் கேரட் 5.3 கிலோவும் தேவை. நறுக்கிய எடை மொத்தம் 23.8 கிலோ. இதற்குச் சந்தையில் பறங்கி 7.3, கத்தரி 4.4, கோஸ் 11, கேரட் 6.2 கிலோ வாங்க வேண்டும். மொத்தம் 29 கிலோ. கழிவைக் கணக்கில் எடுக்காமல் '24 கிலோ காய்' என்று பட்டியல் எழுதினால் 50 கிராம் காய் கிடைக்க வேண்டிய பிள்ளைக்கு ஏறக்குறைய 41 கிராம்தான் தட்டில் விழும்.

முருங்கைக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பாருக்கு மணம் தரும், போடுங்கள். ஆனால் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். எடையில் பெரும்பகுதி துப்பும் சக்கைதான், சின்னப் பிள்ளைகள் அதைக் கடித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்தக் கணக்குக்கு மேலே வாசனைக்காக இரண்டு கிலோ போட்டுக்கொள்ளலாம்.

கரண்டிதான் உண்மையான தராசு

எவ்வளவுதான் சரியாக நிறுத்துச் சமைத்தாலும் பிள்ளைக்குப் போய்ச் சேரும் அளவைத் தீர்மானிப்பது பரிமாறும் கரண்டி. அதனால் வெந்த பிறகு ஒரு பங்கு எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1 கிலோ துவரம்பருப்பும் 1 கிலோ காயும் சேர்த்தால் பிள்ளைகள் சோற்றில் பிசைந்து சாப்பிடும் பதத்தில் ஏறக்குறைய 8 லிட்டர் சாம்பார் வரும். ஆகவே 10 கிராம் பருப்புக்கு, அதாவது ஒரு பங்குக்கு 80 மில்லிலிட்டர். சின்னவர்களுக்கு 160, பெரியவர்களுக்கு 240. மொத்தம் 76 லிட்டர். 1 கிலோ அரிசி ஏறக்குறைய 2.7 கிலோ சோறாகும். ஒரு பங்கு 108 கிராம் சோறு. அரிசியின் வகையைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். மைசூர் பருப்பு போட்டால் துவரம்பருப்பைவிடச் சீக்கிரம் கரைந்து கெட்டிப்படும், சாம்பாரின் பதம் மாறும். முகாமுக்கு வாங்கப்போகும் அதே அரிசியிலும் பருப்பிலும் ஒரு கிலோ முன்கூட்டியே சமைத்து அளந்து பார்த்துவிட்டால் உங்களுக்கான சரியான எண் கிடைத்துவிடும்.

அடுத்து, 80 மில்லிலிட்டர் பிடிக்கும் சாம்பார்க் கரண்டியைத் தேடிப் பிடியுங்கள். எப்படித் தெரியும்? பத்துக் கரண்டி தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றுங்கள். 800 மில்லிலிட்டர் வந்தால் அதுதான் நமக்கு வேண்டிய கரண்டி. சோற்றுக்கு 108 கிராம் பிடிக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று, பொரியலுக்கு ஒரு மேசைக்கரண்டி. பொரியலை வதக்கியபின் மொத்தமாக நிறுத்து, 952-ஆல் வகுத்து, அந்த எடை அதில் எந்த அளவு நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். பிறகு பரிமாறும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி: "சின்னவங்களுக்கு ரெண்டு, பெரியவங்களுக்கு மூணு." சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றுக்கும் அதே விதி.

கரண்டியை அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? நம் கையில் கிடைத்தது 100 மில்லிலிட்டர் கரண்டி என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் 76 லிட்டரை அதால் எடுத்தால் 760 கரண்டிதான் வரும். தேவை 952. குறைவது 192 கரண்டி, அதாவது பெரியவர்களில் 64 பேருக்கு ஒரு சொட்டுச் சாம்பாரும் இல்லை. அந்த நேரத்தில்தான் சுடுதண்ணீர்க் கெண்டி வெளியே வரும்.

இரண்டு பானை, இரண்டு வரிசை

இதைத் தடுக்க நல்ல வழி, சாம்பாரை ஆரம்பத்திலிருந்தே இரண்டு பானையில் வைப்பது. சின்னவர்கள் பானையில் 400 பங்கு: பருப்பு 4 கிலோ, காய் 4 கிலோ, முடிவில் 32 லிட்டர். பெரியவர்கள் பானையில் 552 பங்கு: பருப்பு 5.5 கிலோ, காய் 5.5 கிலோ, முடிவில் 44 லிட்டர். ஒருவர் பானையிலிருந்து மற்றவருக்கு எடுக்கக்கூடாது. சின்னவர்கள் முதலில் சாப்பிட்டாலும் பெரியவர்களின் பங்கு தொடப்படாமல் இருக்கும். காரத்தையும் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. உப்பு, புளி, சாம்பார்ப் பொடி மூன்றையும் வீட்டு அளவை அப்படியே பெருக்கிப் போடாதீர்கள். முதலில் முக்கால் அளவு போட்டு, கொதித்தபின் ருசி பார்த்துக் கூட்டுவது பாதுகாப்பு.

சமைக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு பானையிலும் அளந்து தண்ணீர் ஊற்றி, ஒரு சுத்தமான நீளக் கட்டையை நிறுத்தி, 32 அல்லது 44 லிட்டர் எங்கே வருகிறது என்று கோடு போடுங்கள். பாதி அளவுக்கு இன்னொரு கோடு. சாம்பார் இறக்கும்போது மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம், கொதிக்க வைத்து வற்ற விட வேண்டும்.

பாதிக் கோடு பரிமாறும்போது உதவும். பெரியவர்கள் வரிசையில் 184 பேர். 92-ஆவது ஆள் வாங்கும்போது கட்டையை விட்டுப் பாருங்கள். சாம்பார் பாதிக் கோட்டில் இருந்தால் எல்லாம் சரி. அதற்குக் கீழே போயிருந்தால் கரண்டி வழிய வழிய போகிறது, அப்போதே சரிசெய்யலாம். கடைசிப் பத்துப் பேர் நிற்கும்போது கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று: பருப்பு அடியில் தங்கும். கலக்காமல் மேலாக எடுத்தால் முதலில் வருபவர்களுக்குத் தண்ணீரும் கடைசியில் வருபவர்களுக்கு மண்டியும் கிடைக்கும். ஒவ்வொரு பத்துப் பேருக்கும் ஒருமுறை அடிவரை கலக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் பற்றாமல் போனால்? கணக்குக்கு மேலே அரைக் கிலோ பருப்பை வேகவைத்துக் கடைந்து தனியாக வைத்திருங்கள். அதைச் சுடுதண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து ஊற்றினால் 4 லிட்டர் சாம்பார் கூடும், பருப்பும் குறையாது. தண்ணீரை மட்டும் ஊற்றுவதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

அன்று காலை எண்ணிக்கை மாறினால்

பதிவு செய்தவர்கள் எல்லாரும் வருவதில்லை. பருப்பை முதல் நாள் பதிவுக் கணக்குப்படியே நிறுத்து வைத்துவிடுங்கள், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அரிசியை மட்டும் காலைப் பதிவு முடிந்தபின் கழுவச் சொல்லுங்கள். பெரியவர்களில் 20 பேர் வரவில்லை என்றால் 60 பங்கு குறையும், அரிசியில் 2.4 கிலோ குறைக்கலாம். 38 கிலோவையும் ஒரே பாத்திரத்தில் போட வேண்டாம், அடியில் குழைந்து மேலே வேகாமல் நிற்கும். 9 அல்லது 10 கிலோவாக நான்கு ஈடு போடலாம். கடைசி ஈட்டை முதல் வரிசை உட்காரும்போது தீர்மானித்தால் மிச்சம் வெகுவாகக் குறையும். சமைத்த உணவு நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிய வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்தே அடுப்பு பற்றவைக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும்

தட்டு கழுவும் இடத்தில் மூன்று வாளி வைத்து, மிச்சச் சோறு, பொரியல், சாம்பாரில் ஒதுக்கிய காய் என்று தனித்தனியாகக் கொட்டச் சொல்லி நிறுத்துப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் சோறு மொத்தம் 103 கிலோ. அதில் 10 கிலோ திரும்பி வந்தால் அடுத்த முறை ஒரு பங்கு அரிசியை 40-லிருந்து 36 கிராமாகக் குறைக்கலாம். பொரியல் திரும்பி வந்தால் அளவைக் குறைக்க வேண்டாம். எப்படி நறுக்கினார்கள், நன்றாக வெந்ததா, உப்பு இருந்ததா என்று பாருங்கள். அளவைக் குறைத்தால் வாளி காலியாகும், பிள்ளையின் வயிற்றில் காய் சேராது.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பிள்ளைக்கு 120 கிராம் அரிசியிலும் 30 கிராம் பருப்பிலும் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 15 கிராம். இந்தியத் திட்டம் அந்த வயதுக்கு ஒரு வேளைக்கு 20 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சேர்ப்பது இந்தக் குறையை ஈடுகட்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. நம் முகாம் சைவமாக இருந்தால் கொண்டைக்கடலைச் சுண்டலோ தயிரோ சேர்க்கலாம். அதற்கும் அதே விதிதான்: சின்னவர்களுக்கு இரண்டு, பெரியவர்களுக்கு மூன்று.